படகுப் போட்டி பார்க்கப் புறப்படுமுன் நாள்காட்டியைப் பாருங்கள்

ஆவணி பிறந்துவிட்டால் நம் கடைகளில் ஒரு பேச்சு எழும். "அண்ணாச்சி, இந்த வருஷம் ஆலப்புழைக்குப் போய்ப் படகுப் போட்டி பார்த்துவிட்டு வரலாமா?" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். பத்துப் பேர் சேர்வார்கள். ஒருவர் வேன் பேசுவார், ஒருவர் தங்கும் இடத்துக்கு முன்பணம் அனுப்புவார். ஆண்டு முழுவதும் கல்லாவை விட்டு எழுந்திருக்காத நமக்கு இரண்டு நாள் வெளியூர்ப் பயணம் என்பது பெரிய காரியம். அப்படிக் கிளம்பிப் போனபின் அங்கே போட்டியே இல்லை என்றால் எப்படியிருக்கும்?

இது கற்பனை அல்ல. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி நேரு கோப்பைப் படகுப் போட்டி என்று அறிவித்திருந்தார்கள். நமக்குத் தெரிந்த மொத்த வியாபாரிகள் பன்னிரண்டு பேர் அந்தத் தேதியை நம்பி ஒரு படகுவீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டார்கள். ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்டுப் பெரும் உயிர்ச்சேதம் ஆயிற்று. நாடே துக்கத்தில் இருக்கும்போது விழா எப்படி நடக்கும்? போட்டியைத் தள்ளி வைத்தார்கள். படகுவீட்டுக்காரரோ, "போட்டி நடக்காததற்கு நான் பொறுப்பல்ல, நீங்கள் கேட்ட தேதிக்குப் படகு தயாராக இருக்கிறது" என்று சொல்லி முன்பணத்தைத் தர மறுத்துவிட்டார். ரசீதில் எழுதியிருந்தது தேதி மட்டும்தான். ஆகவே அவரை ஒன்றும் சொல்ல முடியவில்லை. போட்டி கடைசியில் செப்டம்பர் 28-ஆம் தேதி நடந்தது. அன்று நம் நண்பர்களில் ஒருவர்கூடப் போக முடியவில்லை.

கேரளத்துப் படகுப் போட்டிகளை நாம் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். சரக்கு விஷயமாகக் கோட்டயம், சங்கனாச்சேரி, திருவல்லா பக்கம் போகும்போதெல்லாம் நாளைப் பார்த்துப் போவது நம் வழக்கம். எந்தப் போட்டிக்கு எந்த நாளை நம்பலாம், எங்கே நின்றால் நன்றாகத் தெரியும் என்ற இரண்டு விஷயங்களை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

இரண்டு வகைப் போட்டிகள்

கேரளத்தில் படகுப் போட்டிகள் பல உண்டு. அவற்றின் தேதி குறிக்கப்படும் முறையை வைத்துப் பார்த்தால் இரண்டே வகைதான். ஒன்று, குழு கூடித் தேதி குறிக்கும் போட்டி. மற்றொன்று, கோயில் வழக்கப்படி நட்சத்திரம் பார்த்து நடக்கும் போட்டி.

முதல் வகையில் பெரியது ஆலப்புழையில் புன்னமடைக் காயலில் நடக்கும் நேரு கோப்பைப் போட்டி. 1952-இல் பண்டித நேரு அங்கே வந்தபோது அவருக்காகப் போட்டி நடத்தினார்கள். அவரும் உற்சாகத்தில் வெற்றி பெற்ற வள்ளத்திலேயே ஏறிவிட்டார். பிறகு டில்லியிலிருந்து வெள்ளிக் கோப்பை ஒன்றை அனுப்பி வைத்தார். அதுவே இன்றைய கோப்பை. நீண்ட காலமாக ஆகஸ்ட் மாதம் இரண்டாவது சனிக்கிழமை என்பதுதான் இதற்கு நாள். நம்மில் பலருக்கு இன்றும் அந்த நினைப்பே இருக்கிறது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2018-இல் பெருவெள்ளம், போட்டி நவம்பர் 10-ஆம் தேதிக்குப் போயிற்று. 2019-இல் மீண்டும் வெள்ளம், ஆகஸ்ட் 31-இல் நடந்தது. 2020, 2021 இரண்டு ஆண்டும் கொரோனாவால் நடக்கவே இல்லை. 2022-இல் செப்டம்பர் 4, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. 2023-இல் ஆகஸ்ட் 12, இரண்டாவது சனிக்கிழமை. 2024-இல் செப்டம்பர் 28. 2025-இல் ஆகஸ்ட் 30. எட்டு ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் பழைய வழக்கப்படி இரண்டாவது சனிக்கிழமையில் நடந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டும் ஜூன் மாதமே முன்பணம் கட்டுகிறவர், மழை பெய்யுமா என்று தெரியாமலே பயிருக்குக் கடன் கொடுக்கிறவரைப் போன்றவர்.

இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆடியும் ஆவணியும் அங்கே தென்மேற்குப் பருவமழைக் காலம். குட்டநாடு கடல் மட்டத்துக்கும் கீழே உள்ள பூமி. கிழக்கே மலையில் பெய்த மழை பம்பை, மணிமலை, அச்சன்கோவில் ஆறுகள் வழியாக அங்கேதான் வந்து இறங்குகிறது. தண்ணீர் ஏறினால் வீட்டுக்குள் முழங்கால் அளவு நிற்கும். அப்போது துடுப்புப் போடும் இளைஞர்கள் வீட்டாரைப் படகில் ஏற்றி முகாமுக்குக் கொண்டுபோய்க் கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது வகைதான் நம்மைப் போன்ற வணிகர்களுக்கு ஏற்றது. சம்பக்குளம், பாயிப்பாடு, ஆறன்முளை மூன்றும் கோயிலோடு சேர்ந்தவை. அவற்றின் நாள் நட்சத்திரத்தோடு கட்டப்பட்டது. கொரோனா ஆண்டுகளில்கூட ஆறன்முளையில் சடங்கு அளவிலாவது உரிய நாளில் நடத்தினார்கள். அரசு தேதி அறிவிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர்களுக்கு நாம் தை மாதம் கொடுக்கிறோமே தினசரி நாள்காட்டி, அதை வைத்தே ஆண்டுத் தொடக்கத்தில் குறித்துக் கொள்ளலாம். ஆனால் சரியாகக் குறிக்கத் தெரிய வேண்டும்.

நாள் குறிக்கும் முறை

மலையாளத்து மிதுன மாதம் நமக்கு ஆனி. சிங்க மாதம் நமக்கு ஆவணி. மாதப் பிறப்பில் சில சமயம் ஒரு நாள் முன்பின் ஆகுமே தவிர, மற்றபடி இரண்டும் ஒன்றுதான்.

சம்பக்குளம் போட்டி மிதுன மாதத்து மூல நட்சத்திரத்தில். அம்பலப்புழைக் கிருஷ்ணன் கோயிலுக்கு விக்கிரகம் கொண்டு வந்த கதையோடு சேர்ந்த விழா இது. போட்டிக் காலத்தின் முதல் போட்டியும் இதுதான். நாள்காட்டியில் ஆனி மாதத்தைப் புரட்டி மூலம் எங்கே வருகிறது என்று பார்த்தால் போதும். 2024-இல் ஜூன் 22, 2025-இல் ஜூலை 9 என்று வந்தது.

பாயிப்பாடு போட்டி ஆலப்புழை மாவட்டம் ஹரிப்பாட்டுக்கு அருகில். நமக்கு மனத்துக்கு நெருக்கமான விழா இது. ஹரிப்பாட்டுச் சுப்பிரமணிய சுவாமி கோயிலின் முருகன் விக்கிரகம் காயங்குளம் காயலில் கிடைத்து, அதைப் படகுகளில் ஊர்வலமாகக் கொண்டு வந்த நினைவாக நடத்துகிறார்கள். ஓணத்தன்று தொடங்கி அவிட்டம், சதயம் என மூன்று நாள்.

ஆறன்முளை உத்திரட்டாதி நட்சத்திரத்தில். இங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

2024-ஆம் ஆண்டு ஆவணி முதல் தேதி ஆகஸ்ட் 17. நாள்காட்டியைப் புரட்டினால் அடுத்த இரண்டொரு நாளிலேயே, ஆகஸ்ட் 18, 19 தேதிகளில் திருவோண நட்சத்திரம் இருக்கிறது. ஆகஸ்ட் 22-இல் உத்திரட்டாதி. ஆவணி மாதம், உத்திரட்டாதி நட்சத்திரம், இரண்டும் பொருந்துகின்றன. ஆகவே ஆகஸ்ட் 22 ஆறன்முளை என்று ஒருவர் குறித்திருந்தால் அவர் ஏமாந்திருப்பார். ஏனென்றால் நட்சத்திரச் சுற்று இருபத்தேழு நாள்தான். ஆவணிக்கு முப்பத்தொரு நாள். மாதத் தொடக்கத்தில் வந்த நட்சத்திரம் மாதக் கடைசியில் மறுபடியும் வந்துவிடும். அந்த ஆண்டு செப்டம்பர் 15-இல் இரண்டாவது திருவோணம் வந்தது. கேரளத்தார் ஓணம் கொண்டாடியது அன்றுதான். ஆறன்முளைப் போட்டி அதற்குப் பின் வந்த உத்திரட்டாதியில், செப்டம்பர் 18-ஆம் தேதி நடந்தது.

ஆகவே முறை இதுதான். முதலில் ஓணம் எந்த நாள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்கு நாள்காட்டிகூட வேண்டாம். நம்மிடம் வாழைக்காயும் காய்கறியும் வாங்கும் மலையாளி வியாபாரியைக் கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். ஓணத்துக்குத்தானே அவர் ஆர்டர் போடுகிறார்! ஓணத்திலிருந்து திருவோணம், அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி என்று நட்சத்திர வரிசைப்படி எண்ணிப் போங்கள்.

இங்கே இன்னொரு எச்சரிக்கை. நாளை எண்ணாதீர்கள், நட்சத்திரத்தை எண்ணுங்கள். 2023-இல் ஓணம் ஆகஸ்ட் 29, ஆறன்முளை செப்டம்பர் 2, அதாவது நான்காம் நாள். 2025-இல் ஓணம் செப்டம்பர் 5, ஆறன்முளை செப்டம்பர் 9, அதுவும் நான்காம் நாள். ஆனால் 2022-இல் ஓணம் செப்டம்பர் 8, ஆறன்முளை செப்டம்பர் 11. 2024-இல் 15-க்கு 18. இரண்டு முறையும் மூன்றாம் நாளே வந்துவிட்டது. ஒரு நட்சத்திரம் சரியாக ஒரு நாள் இருப்பதில்லை. கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அதனால் வரும் வித்தியாசம் இது. "ஓணம் கழித்து நாலாம் நாள்" என்று வாய்க்கணக்காக வைத்துக்கொண்டவர்கள் 2024-இல் போயிருந்தால் காலியான கரையைத்தான் பார்த்திருப்பார்கள்.

நாள்காட்டியில் நட்சத்திரம் எத்தனை மணி வரை என்று போட்டிருப்பதையும் கவனியுங்கள். அங்கே பெரும்பாலும் காலையில் சூரியன் உதிக்கும்போது உள்ள நட்சத்திரத்தையே அந்த நாளுக்கு உரியதாகக் கொள்கிறார்கள். நம் கணக்கு முடிந்தபின், ஒரு மலையாள நாள்காட்டியோடு ஒத்துப் பார்த்துவிட்டால் பிசகு வராது. ஆனியில் மூலம் இரண்டு முறை வரும் ஆண்டில் சம்பக்குளத்துக்கும் இப்படி ஒத்துப் பார்ப்பது அவசியம்.

வியாபாரத்துக்கு எது தோது?

நாள் தெரிந்துவிட்டது. நம்மால் கடையை விட்டுப் போக முடியுமா என்பது அடுத்த கேள்வி.

எல்லையோர மாவட்டங்களில் உள்ள நமக்கு ஓணத்துக்கு முந்திய பத்து நாளும் மூச்சுவிட நேரமில்லாத நாட்கள். காய்கறி, வாழை, பூ, வெல்லம், பருப்பு எல்லாம் மலை ஏறுவது அப்போதுதான். ஓணத்துக்கு முந்திய நாளோடு அந்த ஓட்டம் முடிந்துவிடும். அடுத்த நான்கைந்து நாள் அங்கிருந்து ஆர்டர் வராது, வசூலுக்குப் போனாலும் கடைகள் பாதி மூடியிருக்கும். ஆறன்முளைப் போட்டி சரியாக இந்த ஓய்வில் வந்து விழுகிறது. இதைவிடத் தோதான நாள் நமக்கு வேறு இல்லை.

சில்லறை மளிகைக்காரர்களுக்கு வேறு கணக்கு. மாதத்தின் முதல் பத்து நாள் சம்பளப் பட்டியல் சாமான் போகும் நாட்கள். ஆவணி முகூர்த்த நாட்களில் கல்யாணச் சாமான் ஆர்டர் வேறு. 2025-இல் ஆறன்முளை செவ்வாய்க்கிழமை வந்தது. செவ்வாயில் நம் ஊரில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் பலரும் ஒரு நாள் கடையைப் பிள்ளைகளிடம் விட்டு வர முடிந்தது. ஆகவே நட்சத்திரம் எந்தக் கிழமையில் விழுகிறது, அதையொட்டி முகூர்த்தம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆள் சேர்க்க வேண்டும்.

நேரு கோப்பைதான் பார்க்க வேண்டும் என்றால் ஒரு வழி சொல்கிறோம். தேதி அறிவித்தபின் வண்டியை மட்டும் வாய்மொழியாகப் பேசி வையுங்கள். தங்கும் இடத்துக்கு முன்பணம் கொடுத்தால் ரசீதில் வெறும் தேதியைப் போடாமல், "நேரு கோப்பைப் போட்டிக்காக, போட்டி தள்ளிப்போனால் புதிய தேதிக்கு மாற்றித் தரப்படும், அல்லது பணம் திருப்பித் தரப்படும்" என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் பணம் கட்டாதீர்கள். சரக்கு கொள்முதலில் தரம் எழுதாமல் நாம் பணம் கட்டுவோமா?

எங்கே நின்று பார்ப்பது?

புன்னமடையில் பந்தயத் தடம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். சுண்டன் வள்ளம் என்பது நூறடிக்கு மேல் நீளமுள்ளது. பின்முனையாகிய அமரம் பாம்பு படமெடுத்தாற்போல் உயர்ந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் நூறு பேர் வரை இருப்பார்கள். நான்கு நான்காகத் தடத்தில் விடுகிறார்கள். தொடக்கம் முதல் முடிவு வரை நாலரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 2024 இறுதிப் போட்டியில் காரிச்சால் சுண்டனுக்கும் வீயபுரம் சுண்டனுக்கும் வித்தியாசம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்குதான். ஆகவே முடிவுக்கோட்டைப் பார்க்க முடியாத இடத்தில் உட்கார்ந்தால், சத்தம் கேட்கும், வள்ளம் போவது தெரியும், யார் வென்றார்கள் என்று பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

முடிவுக்கோடு நேரு மண்டபத்தின் அருகில். அங்கும் அதை ஒட்டியும் உள்ள இருக்கைகளுக்குச் சீட்டு உண்டு. விலை நூறு ரூபாயிலிருந்து ஆயிரக்கணக்கில் போகிறது. சீட்டு வாங்கும்போது இருக்கையின் பெயரைக் கேட்டு மயங்காமல், "முடிவுக்கோடு தெரியுமா, கூரை உண்டா, கரையிலிருந்து படகில் போக வேண்டுமா" என்ற மூன்று கேள்வியைக் கேளுங்கள். நேரு மண்டபம் தண்ணீர் நடுவே இருப்பதால் படகில்தான் போக வேண்டும். காலையில் சின்ன வள்ளங்களின் பந்தயம் ஆரம்பித்துவிட்டால் தடத்தில் மற்றப் படகுகளை விடமாட்டார்கள். எனவே காலை ஒன்பது, பத்து மணிக்குள் இருக்கையில் இருக்க வேண்டும். சுண்டன் வள்ளங்களின் முதல் சுற்று மதியத்துக்குமேல், இறுதிப் போட்டி மாலை ஐந்து மணிக்கு மேல். இடையில் வெளியே வந்து திரும்பப் போவது நடவாத காரியம். சர்க்கரை உள்ளவர்கள் சாப்பாட்டையும் மாத்திரையையும் கையில் கொண்டுபோக வேண்டும். மழைக்குக் குடை பிடித்தால் பின்னால் இருப்பவர் சண்டைக்கு வருவார், மழைக்கோட்டே நல்லது.

படகுவீட்டில் இருந்துகொண்டே பார்க்கலாம் என்று சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். படகுவீடுகளைப் போலீசார் சொல்லும் இடத்தில், சொல்லும் நேரத்துக்குள் கட்டிவிட வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினால் பின்வரிசையில் இருப்பவருக்கு முன்வரிசைப் படகின் முதுகுதான் தெரியும். எந்தக் கரை, எந்த வரிசை, அங்கே கட்ட அனுமதி இருக்கிறதா என்று கேட்டுத் தெளிவாகாமல் அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

சம்பக்குளம் இதற்கு நேர்மாறு. பம்பை ஆறு அங்கே அகலம் குறைவு. கரையில் நின்றாலே வள்ளத்தில் துடுப்புப் போடுபவரின் முகம் தெரியும். கூட்டமும் புன்னமடை அளவு இராது. முதன்முறை பார்க்கப் போகிறவருக்கு இதையே நாம் சொல்லுவோம். ஆனால் ஆனி மாத மழையில் கரை சேறாக இருக்கும், நீரோட்டமும் வேகம். குழந்தைகளைக் கரையின் விளிம்பில் விடக்கூடாது.

ஆறன்முளையில் ஒரு நாள்

2025 செப்டம்பர் 9-ஆம் தேதி ஆறன்முளைக்கு நாம் இருபத்தாறு பேர் போனோம். திங்கள் இரவு கடை அடைத்துக் கணக்கு முடித்துத் தேனியிலிருந்து பேருந்தில் கிளம்பினோம். கம்பம், குமுளி, குட்டிக்கானம், முண்டக்கயம், எருமேலி, ரான்னி வழியாகக் கோழஞ்சேரி. சபரிமலைக்குப் போகிறவர்களுக்குப் பாதி வழி மனப்பாடம். குட்டிக்கானம் இறக்கத்தில் மழை நாளில் மண் சரிவதுண்டு. ஆகவே இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டுதான் கிளம்பினோம். ரயிலில் வருகிறவர்களுக்குச் செங்கன்னூர் நிலையம், அங்கிருந்து பத்துக் கிலோமீட்டர்.

விடிந்ததும் குளித்துப் பார்த்தசாரதி கோயிலில் தரிசனம். ஆண்கள் சட்டை கழற்றி வேட்டியோடு போக வேண்டும். பிறகு சாப்பாட்டை முடித்துக்கொண்டு பதினோரு மணிக்கெல்லாம் இடம் பிடிக்கப் போய்விட்டோம்.

ஆறன்முளையில் ஓடுபவற்றைப் பள்ளியோடம் என்கிறார்கள். பம்பையின் இரு கரையிலும் உள்ள ஊர்களுக்கு ஊருக்கொரு பள்ளியோடம். அவை இறைவனுக்கு உரியவை என்பதால் துடுப்புப் போடுகிறவர்கள் வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக வருகிறார்கள். ஐம்பது வரையிலான பள்ளியோடங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு முதலில் ஊர்வலமாக வரும். அதன் பிறகே பந்தயம். இரண்டையும் ஒரே இடத்திலிருந்து நன்றாகப் பார்க்க முடியாது என்பதுதான் இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது.

பந்தயம் முடிவது கோயில் அருகே சத்திரக்கடவில். யார் வென்றார் என்று பார்க்க அதுவே இடம். ஆனால் நெருக்கடி அதிகம், பந்தலில் உட்கார அனுமதிச்சீட்டு வேண்டும். ஊர்வலத்தைப் பார்க்கவும் பாட்டைக் கேட்கவும் கடவிலிருந்து தள்ளி, ஆற்றோரமாக நடந்து போய்க் கரை மேடாக உள்ள இடத்தில் நிற்பதே நல்லது. அங்கே சீட்டும் இல்லை, செலவும் இல்லை. நாம் இரண்டு கூட்டமாகப் பிரிந்தோம். இளவட்டங்கள் பத்துப் பேர் கடவுக்குப் போனார்கள். வயதானவர்கள் பதினாறு பேர் மேடான கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். மதியத்துக்குப் பிறகு ஊர்வலம் நம்மைக் கடந்து போனது. ஒவ்வொரு பள்ளியோடமும் இருபது முப்பதடி தூரத்தில் போகும்போது துடுப்புகள் ஒன்றாகத் தண்ணீரில் விழும் ஓசையைப் பாட்டோடு சேர்த்துக் கேட்டோம். மாலையில் கடவிலிருந்து வந்தவர்கள் பந்தய முடிவைச் சொன்னார்கள். வண்டியைக் கோழஞ்சேரிப் பக்கமாக ஊருக்கு வெளியே நிறுத்தியிருந்ததால் நெரிசலில் சிக்காமல் புறப்பட்டு, புதன்கிழமை காலை கடை திறக்கும் நேரத்துக்கு ஊர் வந்து சேர்ந்தோம்.

அந்த ஒரு நாளுக்கும் வர முடியாதவர்களுக்கு வேறு வாய்ப்பும் இருக்கிறது. ஆடி மாதத்திலிருந்து புரட்டாசி வரை ஆறன்முளைக் கோயிலில் வள்ளசத்ய என்ற அன்னதான வழிபாடு நடக்கிறது. வேண்டிக்கொண்டவர் ஒரு ஊர்ப் பள்ளியோடத்தை அழைத்து விருந்து வைப்பார். பள்ளியோடம் பாட்டோடு ஆற்றில் வந்து கோயில் கடவில் அணையும். வந்தவர்கள் அறுபதுக்கு மேற்பட்ட பதார்த்தங்களைப் பாடியே கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். சாப்பாட்டுக்கு முன்பதிவு வேண்டும், கடவில் நின்று பள்ளியோடம் வருவதைப் பார்க்க எதுவும் வேண்டாம். வசூலுக்குத் திருவல்லா, பத்தனம்திட்டை போகிறவர்கள் கோயிலில் முதல் நாள் விசாரித்துக்கொண்டு, முற்பகலில் அரை நாள் ஒதுக்கினால் போதும்.

அடுத்த ஆண்டு நாள்காட்டி அச்சாகி வந்ததும் ஆனி மூலம், ஓணம், ஓணத்தையொட்டி வரும் உத்திரட்டாதி மூன்றையும் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டுங்கள். ஓணம் எது என்று மலையாள வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கிழமையும் முகூர்த்தமும் பார்த்து ஆள் சேருங்கள். முன்பணம் மட்டும் கடைசியில் கொடுங்கள்.